எல்லாப் பாய்ச்சலும் ஒன்றல்ல



போன தவணை தரம் எட்டுக்கு முலையூட்டிகள் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். டொல்பின் மீன் அல்ல, நம்மைப் போல நுரையீரலால் சுவாசிக்கிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது என்று சொல்லிக்கொண்டு போகும்போது ஒரு பிள்ளை கேட்டாள்: "அது ஏன் சேர் தண்ணிக்கு மேல பாயுது? கப்பலுக்குப் பக்கத்துல ஏன் ஓடி வருது?"

மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. "சந்தோஷத்தில்தான். மனிசரைக் கண்டால் அதற்கு விருப்பம்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடப் போனேன்.

பின் வாங்கில் இருந்து ஒரு பையன் கையை உயர்த்தினான். கடலுக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளை. பாடத்தில் வாய் திறக்கிறதே குறைவு. "இல்ல சேர். எல்லாப் பாய்ச்சலும் ஒண்டில்ல. ஓங்கில் பாய்றதப் பாத்தே எங்கட வாப்பா மீன் நிக்கிதா இல்லையாண்டு சொல்லுவாரு."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சொன்னது சின்ன வயதில் யாரோ எனக்குச் சொன்ன பதில். நான் அதைச் சரிபார்த்ததே இல்லை. "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொன்னேன். அந்த 'நாளைக்கு' இரண்டு மாதம் இழுத்தது. வாசித்ததையும், பிறகு கற்பிட்டிக் கடலில் கண்ணால் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கப்பலுக்குப் பக்கத்தில் ஓடும் விஷயம். உண்மையில் பல நேரம் டொல்பின் 'ஓடுவதே' இல்லை.

பெரிய கப்பல் ஒன்று போகும்போது அதன் அணியம், அதாவது முன்பக்கம், எதிரே உள்ள தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறது. தண்ணீர் உடனே விலகிவிடாது. அணியத்துக்கு முன்னால் கொஞ்சத் தூரத்துக்குத் தண்ணீரின் அமுக்கம் கூடி நிற்கும். கப்பலை ஒட்டிய இடத்தில் அமுக்கம் அதிகம், முன்னே போகப் போகக் குறைவு. டொல்பின் இந்த இடத்தில் வாலைக் கப்பல் பக்கமும் மூக்கை முன்பக்கமும் வைத்துக்கொண்டு படுத்துக்கொள்கிறது. வால் பக்கம் அமுக்கம் கூட, தலைப் பக்கம் குறைவு. பின்னால் இருந்து ஒரு கை தள்ளுவது போலத்தான். சரியான இடத்தில் நின்றுவிட்டால் வாலை அடிக்கவே தேவையில்லை. கப்பலின் கதியில் அதுவும் போகும். மேல்தளத்தில் நின்று எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வால் அசையாமல், உடம்பை மட்டும் இலேசாகச் சரித்துச் சரித்து வழுக்கிக்கொண்டு போகும். வாலின் சரிவை மாற்றித்தான் அது இடத்தைத் திருத்திக்கொள்கிறது.

வால் அடிக்காமல் போகிறதே என்ற இந்த விஷயம் விஞ்ஞானிகளையும் குழப்பியது. 1948இல் வூட்கொக் என்பவர் 'நேச்சர்' சஞ்சிகையில் இதைப் பற்றி எழுதினார். பிறகு ஹேய்ஸ், ஷோலாண்டர் போன்றவர்கள் பத்து வருடத்துக்கு மேல் வாதம் செய்தார்கள். அலைச் சரிவில் பலகை வைத்து வழுக்குகிறவனைப் போலவா, அணியத்தில் மேலெழும் நீரோட்டத்தில் வாலைச் சரித்து வைத்தா என்பதுதான் அவர்களுக்குள் இருந்த சண்டை. தள்ளுவது கப்பல்தான், டொல்பின் அல்ல என்பதில் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அப்படியானால் எவ்வளவு மிச்சம்? இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். டெரி வில்லியம்ஸ் என்ற ஆய்வாளரும் குழுவினரும் பழக்கிய டொல்பின்களைப் படகுக்குப் பக்கத்தில் நீந்த வைத்து, இதயத் துடிப்பு, சுவாசம், களைப்பில் இரத்தத்தில் சேரும் லக்டிக் அமிலம் எல்லாவற்றையும் அளந்து 1992இல் வெளியிட்டார்கள். அந்த டொல்பின்களுக்கு மிகச் சிக்கனமான கதி செக்கனுக்கு 2.1 மீற்றர். கதியை 2.9 ஆக்கினால் ஒரு மீற்றர் போக ஆகும் செலவு இரண்டு மடங்காகிவிட்டது. கதி 3 மீற்றரைத் தாண்டியதும் அவை தாமாகவே படகின் அலைக்குள் புகுந்துகொண்டன. அலையில் ஏறிச் செக்கனுக்கு 3.8 மீற்றரில் போனபோது செலவு அந்தச் சிக்கனமான கதியைவிட வெறும் 13 வீதம்தான் கூடியிருந்தது. நடந்து போகிற களைப்பில் சைக்கிள் கதியில் போனது மாதிரி.

இதைக் கவனிக்காவிட்டால் எப்படிப் பிழைக்கும் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. அதுவும் நம்முடைய இந்து சமுத்திரத்தில் நடந்தது. ஒரு டொல்பின் கப்பலின் பின்புறத்தில் இருந்து முன்புறம் வரை 7 செக்கனில் கடந்ததை ஒருவர் மணிக்கூட்டில் பார்த்துக் குறித்தார். கப்பலின் நீளத்தையும் கதியையும் சேர்த்துப் பார்த்தால் டொல்பினின் கதி மணிக்கு 37 கிலோமீற்றர் அளவில் வந்தது. கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ஜேம்ஸ் கிரே 1936இல் இந்தக் கணக்கை எடுத்து, இந்தக் கதியில் போக டொல்பினின் தசை வழமையான தசையைவிட ஏழு மடங்கு பலமாக இருக்க வேண்டும், இது எப்படிச் சாத்தியம் என்று கேட்டார். பல வருடம் டொல்பினின் தோலில் ஏதோ மந்திரம் இருக்கிறது என்று தேடினார்கள். பிழை கணக்கில் இருந்தது. ஏழு செக்கன் ஓடிய ஓட்டத்தை, நீண்ட நேரம் வேலை செய்கிற தசையின் பலத்தோடு ஒப்பிட்டிருந்தார். நூறு மீற்றர் ஓடுகிறவனை மரதன்காரனோடு ஒப்பிடுவது போல. போதாததற்கு, அது கப்பலை ஒட்டிப் போன டொல்பின். கப்பலின் அலை அதற்கு எவ்வளவு கை கொடுத்தது என்று யாருக்குத் தெரியும்?

சரி, மிச்சம் பிடிக்கத்தான் கப்பலோடு வருகிறதா என்றால், அங்கேதான் எனக்குச் சிக்கல் வந்தது. நாம் மிச்சம் பிடிக்க பஸ்ஸில் ஏறினால் போகிற இடத்துக்குத்தான் ஏறுவோம். டொல்பின்கள் தம் பாதையை விட்டு வந்து, கப்பல் போகிற திசையில் கொஞ்சத் தூரம் போய், பிறகு விட்டுவிட்டுத் திரும்பி வந்த பக்கமே போவதைக் கடலோடிகள் எப்போதும் பார்க்கிறார்கள். அங்கே எந்தச் சக்தியும் மிச்சமில்லை, செலவுதான். கப்பல் இல்லாத காலத்திலும் அலை இருந்தது. கரைக்கு வரும் அலையிலும் டொல்பின்கள் வழுக்கும். பெரிய திமிங்கிலத்தின் மூக்குக்கு முன்னால் எழும் அமுக்கத்திலும் ஏறிப் போகும். கப்பலை மனிதருக்காக அவை தேடி வரவில்லை. இன்னொரு பெரிய அலையாகத்தான் அதைப் பார்க்கின்றன போலும். ஆகவே, போகும் வழியில் கிடைத்தால் மிச்சம், வழியை விட்டு வந்தால் விளையாட்டு என்று சொல்வதில் பிழையில்லை என்று நினைக்கிறேன். என் பதிலில் சந்தோஷம் என்ற பாதி தப்பியது. மனிசரில் விருப்பம் என்ற மற்றப் பாதி விழுந்துவிட்டது.

இனிப் பாய்ச்சல். பையன் சொன்னது இங்கேதான் முழுக்கச் சரி. எப்படி எழும்புகிறது என்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் வகை, மூக்கு முதலில் போகிற பாய்ச்சல். தண்ணீர் அதிகம் சிதறாது. ஒன்றின் பின் ஒன்றாக, எல்லாம் ஒரே திசையில், வில் போல வளைந்து போகும். இது பயணப் பாய்ச்சல். டொல்பின் மூச்செடுக்க மேலே வந்தாக வேண்டும். ஆனால் தண்ணீரின் மேற்பரப்பை ஒட்டி நீந்தினால் அது தானே அலையை எழுப்பி, அந்த அலைக்குச் செலவழிக்க வேண்டும். ஆழத்தில் நீந்துவதைவிட அங்கே தடை பல மடங்கு. காற்றிலோ தடை இல்லாத மாதிரி. அப்படியானால் மூச்செடுக்கும் நேரத்தைக் காற்றில் கழித்தால் என்ன? 1980இல் அவ், வைஸ் என்ற இருவர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள்.

அதைப் பிள்ளைகளுக்கு நான் இப்படிப் போட்டேன். 45 பாகைச் சரிவில் பாய்ந்தால் போகும் தூரம், கதியின் வர்க்கத்தை 9.8ஆல் வகுத்தது. செக்கனுக்கு 3 மீற்றரில் வரும் டொல்பின் பாய்ந்தால், 9ஐ 9.8ஆல் வகுக்க, ஒரு மீற்றர்கூட இல்லை. நம் கடலில் உள்ள சுழல் டொல்பினின் உடம்பே ஏறக்குறைய இரண்டு மீற்றர் நீளம். தன் நீளத்தில் பாதிக்காக இவ்வளவு பாரத்தையும் தூக்குவது நட்டம். அதுவே செக்கனுக்கு 6 மீற்றரில் வந்தால், 36ஐ 9.8ஆல் வகுக்க, ஏறக்குறைய 3.7 மீற்றர். கதி இரண்டு மடங்கு, தூரம் நாலு மடங்கு. தூக்குகிற செலவும் நாலு மடங்குதான். ஆனால் அதே 3.7 மீற்றரைத் தண்ணீருக்குள் அந்தக் கதியில் நீந்துவதென்றால், தடை நாலு மடங்கு, தூரமும் நாலு மடங்கு, ஆகச் செலவு பதினாறு மடங்கு. ஏதோ ஒரு கதியைத் தாண்டியதும் பாய்வதே இலாபம். ஆறுதலாகப் போகிற டொல்பின் முதுகை மட்டும் காட்டி மூச்செடுத்துப் போவதும், அவசரத்தில் போவது பாய்ந்து பாய்ந்து போவதும் இதனால்தான்.

அந்தக் கடைசி வசனத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது வகை, பக்கவாட்டாக அல்லது முதுகுப்புறமாக 'டமார்' என்று விழுகிற பாய்ச்சல். ஆர்ஜென்டினாவின் சான் ஹோசே வளைகுடாவில் வூர்சிக் தம்பதியர் 1970களில் டஸ்கி டொல்பின் என்ற இனத்தைப் பல மாதங்கள் பார்த்தார்கள். சின்ன மீன் கூட்டத்தைச் சுற்றி வளைக்கும்போது ஓரத்தில் உள்ளவை இப்படிச் சத்தம் போட்டு விழுந்தன. சத்தம் மீனை இறுக்கி உள்ளே தள்ள உதவலாம், தூரத்தில் உள்ள மற்ற டொல்பின்களுக்கும் கேட்கும். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் குத்துக்கரணம் போன்ற வித்தைகள் வந்தன, அவை ஒன்றோடொன்று உரசிக் கலந்திருக்கும் நேரத்தில். ஒரே கூட்டம், ஒரே நாள், நேரத்துக்கு நேரம் வேறு பாய்ச்சல். பையனின் வாப்பா வளைகுடா எதுவும் போகாமல் நம் கடலிலேயே இதைப் படித்திருக்கிறார்.

மூன்றாவது, நம் கற்பிட்டியைப் பெயர் பெற வைத்த சுழல் பாய்ச்சல். பம்பரம் போல நீளவாட்டில் சுற்றும். ஒரு பாய்ச்சலில் ஏழு சுற்று வரை எண்ணியிருக்கிறார்கள். காற்றில் பிடித்துத் திருப்ப ஒன்றும் இல்லையே, எப்படிச் சுற்றுகிறது? சுற்று தண்ணீருக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. திருகாணி போல உடம்பை உருட்டிக்கொண்டு மேலே வருகிறது. தண்ணீர் அந்த உருளலை எதிர்த்துக்கொண்டிருக்கும். உடம்பு வெளியே வந்ததும் அந்தத் தடை போய்விடுகிறது, வால் மட்டும் இன்னும் தண்ணீரில் இருந்து திருகிக்கொண்டிருக்கிறது. சட்டென்று கதி கூடிவிடும். அமெரிக்காவில் பிஷ் என்பவரும் கூட்டாளிகளும் 2006இல் இதை வீடியோவில் அளந்து விளக்கினார்கள்.

ஏன் சுற்றுகிறது என்பதற்கு ஒரு நல்ல பதில், ஒட்டுமீன். தலையில் உறிஞ்சித் தட்டுள்ள அந்த மீன் டொல்பினின் உடம்பில் ஒட்டிக்கொண்டு இழுவையைக் கூட்டும், தோலையும் உறுத்தும். சுற்றுகிற வேகமும், பக்கவாட்டில் தண்ணீரில் மோதும் அடியும் அதைக் கழற்றப் போதும் என்று அதே ஆட்கள் அடுத்த வருடம் கணக்குக் காட்டினார்கள். ஆனால் இது மட்டும்தான் காரணம் என்றால், ஒட்டுமீன் ஒட்டியது மட்டும், உறுத்துகிற நேரம் மட்டும் சுற்ற வேண்டும். ஹவாய்த் தீவில் கென் நொரிஸ் பார்த்தது வேறு. அங்கே சுழல் டொல்பின்கள் இரவில் ஆழ்கடலில் இரை தேடி, பகலில் குடாவுக்குள் வந்து ஓய்வெடுக்கும். ஓய்வு நேரத்தில் சுற்றுப் பாய்ச்சல் இல்லையென்றே சொல்லலாம். பின்னேரம் விழித்து வெளியே போக ஆயத்தமாகும்போது ஒன்று சுற்றும், இன்னொன்று சுற்றும், கூட்டம் வெளியே போகப் பார்த்துத் திரும்பும், மீண்டும் கூடும். கடைசியில் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிடும். விழுகிற சத்தம் 'நான் இங்கே, விழித்துவிட்டேன்' என்று சிதறி நிற்பவற்றுக்குச் சொல்கிறது என்பது அவருடைய விளக்கம். ஒரு பாய்ச்சலுக்கு இரண்டு காரணம் இருக்கக் கூடாது என்று சட்டமில்லை.

இவ்வளவையும் வாசித்த பிறகு, பெப்ரவரியில் மனைவி பிள்ளைகளோடு கற்பிட்டிக்குப் போனேன். சுப்ஹு தொழுதுவிட்டு வெளிக்கிட்டோம். ஏழரை மணிக்கு போட் ஏறினோம். ஒரு மணித்தியாலம் போன பிறகு கூட்டம் தெரிந்தது. நூற்றுக்கணக்கில் இருக்கும். எங்களுக்கு முன்னே ஆறேழு போட்கள். எங்கள் போட்காரத் தம்பி எஞ்ஜினைக் கூட்டிக் கூட்டத்தின் நடுவால் விட்டார். டொல்பின்கள் பாய்ந்தன. வரிசை வரிசையாக, வில் போல. போட் முழுக்கக் கைதட்டல். என் மகள் எழும்பி நின்று, "வாப்பா, எங்களக் கண்டு சந்தோஷப்படுது!" என்று கத்தினாள்.

நான் விழுவதைப் பார்த்தேன். எல்லாம் மூக்கு முதல். ஒன்றுகூடச் சுற்றவில்லை. எல்லாம் ஒரே திசையில், எங்களுக்கு எதிர்ப் பக்கம். குட்டியும் தாயும் ஒட்டிக்கொண்டு, கூட்டம் இறுகி இருந்தது. பிறகு எல்லாம் ஒன்றாக முழுகிவிட்டு வெகுதூரத்தில் எழும்பின. அடுத்த போட் அங்கே திரும்பியது. வகுப்பில் கரும்பலகையில் நானே போட்ட கணக்கு கண்முன் நடந்துகொண்டிருந்தது. அவசரத்தில் போவது பாய்ந்து பாய்ந்து போகும். நாங்கள் கைதட்டியது அவை ஓடித் தப்புவதற்கு. இரவெல்லாம் இரை தேடி, பகலில் ஓய வேண்டிய பிராணிகள்.

மகளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. தம்பியிடம் மெதுவாகக் கேட்டேன், "கொஞ்சம் விலத்தி, ஒரே கதியில நேரா விட ஏலுமா? துரத்த வேணாம்." அவருக்கு விருப்பமில்லை. கிட்டக் காட்டாவிட்டால் ஆட்கள் குறை சொல்வார்கள், அடுத்த முறை வர மாட்டார்கள் என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. காசு கொடுத்துக் கிட்டப் போகக் கேட்பவர்கள் நாங்கள்தான். கடைசியில் மற்ற போட்களை விட்டு விலகி, எஞ்ஜினைக் குறைத்து, கூட்டத்துக்குப் பக்கவாட்டாக நேராகப் போனார்.

பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பின் சீட்டில் இருந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பிறகு ஐந்தாறு டொல்பின்கள் தாமாகவே எங்கள் பக்கம் திரும்பி வந்தன. எங்களுடையது சின்ன பைபர் போட். கப்பல் மாதிரி முன்னால் பெரிய அமுக்கம் எழும்பாது. அதனால் அவை பின்னால் விரியும் அலையின் சரிவைப் பிடித்தன. வால் அசையாமல், இலேசாகச் சரிந்து, ஒரு கண்ணால் மேலே பார்த்துக்கொண்டு வந்தன. கொஞ்ச நேரத்தில் விலகி, தூரத்தில் ஒன்று சுற்றிப் பாய்ந்து, பக்கவாட்டாக விழுந்தது. சத்தம் எங்களுக்கும் கேட்டது. மகள் கைதட்டவில்லை. பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹவாயில் இதற்கு 2021இல் சட்டமே கொண்டுவந்தார்கள். கரையிலிருந்து இரண்டு கடல் மைல் வரையான பகுதியில் சுழல் டொல்பினுக்கு 50 யார், அதாவது ஏறக்குறைய 45 மீற்றருக்குள் போகக் கூடாது. டொல்பின் தானாக வந்தால் அது வேறு விஷயம். போட் ஏறும் முன் காசு பேசும்போதே, "துரத்த வேணாம், முன்னால குறுக்கே விட வேணாம், நேரா விடுங்க, வந்தா பார்ப்போம், வராட்டியும் குறை சொல்ல மாட்டோம்" என்று சொல்லிவிடுங்கள். கடைசி வசனம்தான் அந்தத் தம்பிமாருக்கு முக்கியம்.

பாடசாலை திறந்த அன்று அந்த வகுப்பில் முதல் வேலையாக, "அண்டைக்கு நான் சொன்ன பதில் பிழை" என்று சொல்லி, மூன்று வகையையும் கரும்பலகையில் வரைந்தேன். பின் வாங்குப் பையனை முன்னுக்கு அழைத்து, நான் வரைந்தது சரியா என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். சோக்கை வாங்கி, இரண்டாவது படத்துக்குக் கீழே, விழுகிற டொல்பினுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன மீன்களாக வரைந்தான்.

"இப்ப சரி சேர்" என்றான்.